பித்த உப்பு எங்கே போகிறது? கேள்வி பதில்

பித்தப்பையை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. பித்தம் சுரக்கிற பையே போன பிறகு எண்ணெய்ப் பண்டம் எப்படிச் செரிக்கும்?

சுரப்பது கல்லீரல். பை வெறும் தொட்டி. பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்பு குடலுக்குள் வந்ததும் பிழிந்துவிடும். இப்போது உங்களுக்குத் தொட்டியில்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு இதனால் வயிறு இளகும். ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.

ஒரு நாள் பித்த உப்பு, ஒரு புத்தகத்தில் அரை கிராம், இன்னொன்றில் 20 கிராம். எது சரி டாக்டர்?

இரண்டும் சரி. பித்தநீரில் இருந்து கொழுப்பைச் செரிக்க உதவுவது இந்த உப்புதான். உடம்பில் மொத்தமாக இருப்பது சுமார் 3 கிராம். அது கல்லீரலிலிருந்து குடலுக்குப் போய், ரத்தம் வழியே கல்லீரலுக்கே திரும்பி, நாளைக்கு ஆறேழு தடவை சுற்றுகிறது. குடலைக் கடப்பதைக் கூட்டினால் 20 கிராம் பக்கம் வரும். மலத்தோடு போவது அரை கிராம் அளவு. கொலஸ்டிராலிலிருந்து கல்லீரல் புதிதாகச் செய்வதும் அதே அளவுதான்.

காலையில் மஞ்சளாக வாந்தி வருகிறது. மோர் குடித்தால் பித்தம் இறங்குமா?

வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் யாருக்கும் மஞ்சளாகத்தான் வரும். அது பித்தம் கூடியதன் அடையாளம் இல்லை. வாந்திக்குக் காரணம் என்னவென்று பாருங்கள்.

குடல் காசநோயால் சிறுகுடலின் கடைசியில் 40 சென்டிமீட்டர் எடுத்தார்கள். ரெண்டு இட்லி உள்ளே போனாலே தண்ணீராகப் போகிறது. மறுபடி கிருமியா?

கிருமியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் என் சந்தேகம் வேறு. பித்த உப்பைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிற வாசல் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. அது போனால் உப்பு பெருங்குடலுக்குள் நுழைந்து, அங்கே தண்ணீரைச் சுரக்க வைக்கும். கொலஸ்டிரமின் பொடி அந்த உப்பைக் கட்டிப்போடும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பொடி மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும்; அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான், அதையும் பரிசோதியுங்கள்.

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்தப் பொடி இந்த மாதிரி எல்லோருக்கும் கேட்கும் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை மீட்டர் எடுத்த என் அக்காவுக்கு இன்னும் மோசமானது. ஏன்?

நினைத்தது பாதி சரி. கொஞ்சம் எடுத்திருந்தால், இழப்பைக் கல்லீரல் கூடுதலாகச் செய்து ஈடுகட்டிவிடும். சுமார் ஒரு மீட்டரைத் தாண்டினால் அதனால் முடியாது. உப்பின் கையிருப்பே சுருங்கி, கொழுப்பு செரிக்காமல் போகும். மிச்சமிருக்கிற உப்பையும் பொடி கட்டிப்போட்டால் மோசமாகாமல் என்ன செய்யும்? மலம் வெறும் தண்ணீரா, அல்லது பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன், தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டுகிறதா என்று கேளுங்கள். ரெண்டாவது என்றால், பொடியைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் உடனே பேச வேண்டும். அப்போது வழக்கமான எண்ணெயைக் குறைத்து, பித்த உப்பு அவ்வளவாகத் தேவைப்படாத எம்.சி.டி. எண்ணெய் கொடுப்பதுண்டு. ஒரு மீட்டர் என்பது கோடு கிழித்த கணக்கில்லை. 80 சென்டிமீட்டரிலேயே இந்த நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.