மூளை வயது 59 என்றால் மூளை வேகமாகத் தேய்கிறதா?

கேள்வி: நானும் என் கணவரும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு வயது 52, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூளை வயது 59 என்று போட்டிருக்கிறார்கள். அவருக்கு 70, மூளை வயது 66 என்று வந்திருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக எதையாவது மறப்பது அவர்தான். எனக்கு மறதி நோய் வந்துவிடுமா டாக்டர்?

பதில்: இந்த எண்ணை வைத்து உங்களுக்கு மறதி நோய் வரும் என்றும் சொல்ல முடியாது, அவருக்கு வராது என்றும் சொல்ல முடியாது. இப்போது டாக்டரைப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர்தான்.

ஆயிரக்கணக்கான ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன்களையும் வயதையும் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்குகிறார்கள். வயது ஏற ஏற மூளையின் மேலுறை மெலிவதையும், உள்ளே நீர் நிற்கும் அறைகள் அகல்வதையும் அது கற்றுக்கொள்கிறது. பிறகு உங்கள் ஸ்கேனைப் பார்த்து, இப்படிப்பட்ட மூளை பொதுவாக எந்த வயதில் இருக்கும் என்று ஊகிக்கிறது. நோயைத் தேடுவது அதன் வேலையே இல்லை.

ஊகம் என்பதால் பிழை உண்டு. பரவலாகப் புழங்கும் மென்பொருள்களில் சராசரிப் பிழை 4, 5 வருடம் வரை இருக்கிறது. 5 என்றே வைத்துக்கொண்டால், எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 7 வருடமோ அதற்கு மேலோ கூடியோ குறைந்தோ வரும். உங்கள் 59 அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஸ்கேனின்போது தலை லேசாக அசைந்திருந்தாலும் மேலுறையின் விளிம்பு மங்கி, உள்ளதைவிட மெலிந்ததாகத் தெரியும், வயது ஏறிவிடும்.

அவருடைய 66-க்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும். படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதபோது மென்பொருள் தான் பழகியவர்களின் சராசரி வயதை நோக்கிச் சாய்கிறது. அதனால் இளைஞர்களுக்குக் கூட்டியும் முதியவர்களுக்குக் குறைத்தும் சொல்லும். இதற்கான திருத்தத்தைத் தனியாகச் செய்ய வேண்டும். செய்தார்களா என்று ஸ்கேன் மையத்தில் கேளுங்கள். செய்யாவிட்டால், 70 வயதுக்காரருக்கு 4 வருடம் குறைந்து வந்ததில் மகிழ எதுவும் இல்லை.

உங்களைப் பயமுறுத்துவது, மூளை வேகமாகத் தேய்கிறதோ என்ற எண்ணம்தான். நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1972-73-ல் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 45 வயதில் அவர்களுக்கு ஸ்கேன் எடுத்தபோது மூளை வயது 24 முதல் 72 வரை வந்தது. எல்லாருக்கும் ஒரே வயது என்பதை மறந்துவிடாதீர்கள். மூளை வயது கூடுதலாக வந்தவர்களிடம் உடல் மூப்படையும் அறிகுறிகள் அதிகம் இருந்தன. ஆனால் அவர்களே 3 வயதில் செய்த அறிவுத்திறன் சோதனைகளிலும் பின்தங்கியிருந்தார்கள். அதாவது, வித்தியாசத்தின் ஒரு பகுதி தேய்மானத்துக்கு வெகுகாலம் முன்பே உருவானது. 2021-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரே ஆட்களுக்கு மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளை வயது கூடுதலாக வந்தவர்களின் மூளை மற்றவர்களுடையதைவிட வேகமாகச் சுருங்கவில்லை. பிறந்தபோது இருந்த எடையோடுதான் அந்த எண்ணுக்குத் தொடர்பு தெரிந்தது. சிறிய மூளையோடு வாழ்க்கையைத் தொடங்கியவரையும், நன்றாக இருந்து இப்போது இழந்துகொண்டிருப்பவரையும் ஒரே ஒரு ஸ்கேனால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காக இந்த எண் வெறும் குப்பை என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் 1936-ல் பிறந்தவர்களை 73 வயதையொட்டி ஸ்கேன் செய்து பின்தொடர்ந்ததில், மூளை வயது கூடுதலாக வந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அது பல நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி. தனி ஒருவரின் ரிப்போர்ட்டில் அதைப் பொருத்திப் பார்க்க முடியாது.

அந்த ரிப்போர்ட்டில் ரேடியாலஜிஸ்ட் எழுத்தில் தந்திருக்கும் பகுதியைப் படியுங்கள். பழைய சிறு பக்கவாதத் தழும்பு, நுண் ரத்தக்கசிவு, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் சுருக்கம் என்று ஏதாவது குறிப்பிட்டிருந்தால், அதுதான் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டால் போதும். மறுபடி ஸ்கேன் எடுப்பதானால் ஓரிரு வருடம் கழித்து, அதே இயந்திரத்தில், அதே மென்பொருளில் எடுங்கள். மையம் மாறினால் எண்ணும் மாறும்.

உங்கள் கணவரை இந்த மாதமே அழைத்துப் போங்கள். நினைவாற்றல் சோதனையோடு பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் காது கேட்கும் திறன் சோதனையும் செய்வார்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், தூக்க மாத்திரை உட்பட, பையோடு எடுத்துப் போங்கள்; மறதிக்குக் காரணம் சில சமயம் அதற்குள்ளேயே இருக்கும். மறதி எப்போது தொடங்கியது, எதை மறக்கிறார் என்று நீங்கள் கவனித்ததை எழுதி வைத்துக்கொண்டு, நீங்களும் கூடவே போய்ச் சொல்லுங்கள்.