64 ஜிபி ரேம் பத்தலையா, இல்ல பிரிச்சுக் கொடுத்தது தப்பா?

கேள்வி: அண்ணே, ஆபீஸ்ல ப்ராக்ஸ்மாக்ஸ் பாக்ஸ் ஒண்ணு, 8 கோர் 16 த்ரெட் ரைசன், 32 ஜிபி டிடிஆர்5 ரெண்டு ஸ்டிக். போஸ்ட்கிரெஸ் விஎம்-க்கு 24, விண்டோஸ் டேலிக்கு 12, பில்டு ஓட்டுற விஎம் ரெண்டு, ஆளுக்கு 16. எல்லாத்துலயும் பலூன் ஆன், மினிமம் 4 ஜிபி. பில்டு ஓடுனா டேட்டாபேஸ் படுத்துடுது. கடைக்காரர் இன்னும் 64 போடுங்கன்றாரு. வாங்கவா?

பதில்: இப்ப வாங்காதீங்க. பில்டு ஓடுறப்ப டேட்டாபேஸ் விஎம் உள்ள போய் `free -h` அடிச்சு டோட்டல்னு காட்டுற நம்பரப் பாருங்க, 24 கிட்ட இருக்க வேண்டியது 14, 15னு சுருங்கியிருந்தா திருடன், விஎம்-கிட்டருந்து ரேமத் திரும்பப் பிடுங்குற அந்த பலூன்தான்.

கொடுத்ததக் கூட்டுனா 68 வருது, இருக்கறது 64, ஆனா அந்த 4 ஜிபி ஓவர்கமிட் பெரிய குத்தமில்ல, எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா கேக்கமாட்டாங்க. ஹோஸ்ட் ரேம் 80 சதவீதத்தத் தாண்டுனா, அதாவது உங்களுக்கு 51 ஜிபி கிட்ட, ப்ராக்ஸ்மாக்ஸ் பலூன ஊத ஆரம்பிக்கும். போஸ்ட்கிரெஸ் கேஷா வச்சிருந்த ரேம அது சும்மா கெடக்குன்னு நெனச்சு பிடுங்கிடும், அப்புறம் ஒவ்வொரு குவெரிக்கும் டிஸ்க்குக்கு ஓடணும், அதான் படுத்துக்குது. அதனால டேட்டாபேஸுக்கும் டேலிக்கும் மினிமம், மேக்ஸிமம் ரெண்டும் ஒண்ணா வச்சிருங்க, சுருங்குறது பில்டு விஎம் மட்டும் சுருங்கட்டும், அதுக்கு மினிமம் 6 போதும். இப்ப மினிமம் எல்லாம் சேர்த்து 48, ஹோஸ்டுக்கும் மூச்சு விட இடம் இருக்கு.

சிபியு பின்னிங்லதான் நெறைய பேர் ஏமாறுவாங்க. டேட்டாபேஸ 4 கோர்ல கட்டிட்டா அது வெளிய போகாது, சரி, ஆனா மத்த விஎம் உள்ள வராதுன்னு யார் சொன்னா? அதுங்களையும் வேற கோர்ல கட்டணும். `lscpu -e` அடிச்சு CORE தலைப்புக்குக் கீழ ஒரே நம்பர் இருக்கற ரெண்டு த்ரெட்டும் ஒரே பக்கம் வர்ற மாதிரி பிரிங்க, இல்லன்னா ஒரு கோர ரெண்டு பேர் பங்கு போடுவாங்க. 4-ம் 12-ம் ஜோடின்னு காட்டுனா இப்படி, 101 டேட்டாபேஸ், 103 பில்டு விஎம்னு வச்சுக்கிட்டா:

```
qm set 101 --memory 24576 --balloon 24576 --affinity 4-7,12-15
qm set 103 --memory 16384 --balloon 6144 --affinity 0-3,8-11
```

டேலிக்கும் இன்னொரு பில்டுக்கும் அந்த ரெண்டாவது கோர் செட்டே. விஎம் உள்ளருந்து ரீபூட் பண்ணா பத்தாது, முழுசா ஷட்டவுன் பண்ணி ஸ்டார்ட் பண்ணுங்க.

ஒரு வாரம் ஓட்டிட்டு, பில்டு நேரத்துல ஹோஸ்ட்ல `vmstat 1` போட்டு ரேம் பத்தாம டிஸ்க்குக்குப் போய் வர்ற ஸ்வாப்பக் காட்டுற si, so ரெண்டும் 0லயே நிக்குதான்னு பாருங்க. விடாம நம்பர் ஓடுனாலோ, பில்டு மெமரி இல்லாம பாதியில செத்தாலோ அப்ப ரேம் உண்மையிலயே பத்தலன்னு அர்த்தம். அப்பவும் இருக்கறதோட இன்னும் ரெண்டு ஸ்டிக் சொருகாதீங்க, இந்த மாதிரி போர்டுல டிடிஆர்5 நாலு ஸ்டிக் போட்டா ஸ்பீடு நல்லாவே எறங்கிடும், போர்டு சப்போர்ட் பண்ணுதான்னு பாத்துட்டு 48 ஜிபி ஸ்டிக் ரெண்டா வாங்கி பழசக் கழட்டிக் கடைக்காரர்கிட்டயே எக்ஸ்சேஞ்ச் கேளுங்க.