ஸ்கேன் செய்த வாடகை ஒப்பந்தத்தில் எதைச் சுட்டிக்காட்டுவது?

“தங்கச்சி கோலாலம்பூரில் எடுக்கப்போகும் வீட்டின் ஒப்பந்தத்தை, ஒரு வார்த்தை எழுதாமல் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறாள். எதை முதலில் சொல்வது?”

கடைசியில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். வாடகை, டெபாசிட், காலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்தப் பக்கம் ஸ்கேனில் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, இடையில் காலி செய்வது பற்றிய பிரிவு. அவளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மாத வாடகை 1,500 வெள்ளி, இரண்டு மாத டெபாசிட் 3,000, ஒப்பந்தம் 12 மாதம் என்று வையுங்கள். ஏழாம் மாதம் வேலை மாறினால் டெபாசிட் மட்டும் போகுமா, மீதி ஐந்து மாத வாடகை 7,500 வெள்ளியும் கேட்பார்களா? அந்த வரியை வட்டமிட்டு அனுப்புங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம் என்று சேர்க்க, கையெழுத்துக்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

வாடகை தவறினால் வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாம் என்றிருந்தால் அதையும் காட்டுங்கள். இங்கே குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும்.