தையல்காரம்மாவின் மகள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. நான்கு மாதங்களாகப் பள்ளியில் யாரோடும் சேராமல் தனியாக இருக்கிறாள். டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. “யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை” என்கிறாள். வகுப்பாசிரியையிடம் பேசி, நன்றாகப் படிக்கும் ஐந்து பெண்கள் இருக்கும் வரிசையில் உட்காரவைத்தேன். அவர்களும் இவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முன்பு பக்கத்துத் தெரு தையல்காரம்மாவின் மகள் ஒருத்தி வீட்டுக்கு வருவாள். அதே பள்ளி, வேறு பிரிவு, படிப்பில் சுமார். காலாண்டுத் தேர்வில் இவள் மதிப்பெண் குறைந்ததும் அதை நிறுத்திவிட்டோம். என் மகளை எல்லோருடனும் பழகவைப்பது எப்படி?
— வாசகி, ஈரோடு

பதில்: “அதை நிறுத்திவிட்டோம்.” எதை அம்மா? பால் பாக்கெட்டையா, கேபிள் இணைப்பையா? பெயர்கூடச் சொல்லாமல் ஒரு பெண் குழந்தையை ‘ஒருத்தி’ என்று ஆரம்பித்து ‘அது’ என்று முடித்திருக்கிறீர்கள்.

காலாண்டுத் தேர்வு நடப்பது செப்டம்பரில். உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தது ஜனவரிக் கடைசியில். மகள் தனியாக இருப்பதோ நான்கு மாதங்களாக. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பெற்றவர் நீங்கள் ஏன் போடவில்லை? பிள்ளை தனித்துப்போய்விட்டது என்று எனக்கு வரும் கடிதங்கள் பலவற்றில் இப்படி ஒரு வரி நடுவில் பதுங்கியிருக்கும். எழுதியவருக்கு அது முக்கியமாகவே பட்டிருக்காது.

நீங்கள் கேட்பது ‘எல்லோருடனும்’ பழகுவதைப் பற்றி. உங்கள் மகள் இழந்தது எல்லோரையும் அல்லவே, ஒருத்தியைத்தானே. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஜெஃப்ரி பார்க்கர், ஸ்டீவன் ஆஷர் என்ற இரு உளவியலாளர்கள் இவற்றைப் பிரித்து அளந்து பார்த்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் 881 பிள்ளைகளிடம் இரண்டு விதமாகக் கேட்டார்கள். வகுப்பிலுள்ள எல்லோருடைய பெயர்ப் பட்டியலையும் கொடுத்து, ஒவ்வொருவருடனும் விளையாட எவ்வளவு பிடிக்கும் என்று ஒன்று முதல் ஐந்து வரை குறிக்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளையை வகுப்பு எவ்வளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். பிறகு, உனக்கு நெருங்கிய நட்பு யார் என்று தனியாகக் கேட்டார்கள். இங்கேதான் ஒரு கண்டிப்பு. நான் உங்களைச் சொன்னால் போதாது, நீங்களும் என்னைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் அது நட்பு என்று கணக்கில் ஏறும். கூடவே, எவ்வளவு தனிமையாக உணர்கிறாய் என்பதற்கும் கேள்விகள் இருந்தன.

வகுப்பில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத பிள்ளைகளிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, பதிலுக்குத் தன்னைச் சொன்ன நெருங்கிய நட்பு ஒன்று இருந்தது. வகுப்பே கொண்டாடும் பிள்ளைகளிலும் சிலருக்கு அப்படி ஒன்று இல்லை. தனிமையை அளந்தபோது, வகுப்பின் ஏற்பு ஒரு பக்கம் நின்றது, நெருங்கிய நட்பு இன்னொரு பக்கம் நின்றது. ஒன்றின் குறையை மற்றது முழுதாக ஈடுகட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் உங்கள் மகளைவிடச் சில வயது சிறியவர்கள் என்பது உண்மைதான். ஆனால், மனம் விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும் என்ற தேவை 13 வயதில் கூடுமே தவிரக் குறையாது.

அதாவது, செப்டம்பர் வரை உங்கள் மகள் வகுப்பில் பெரிதாகப் பெயரெடுக்காத, ஆனால் ஒரு தோழி உள்ள பெண். அப்போது நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை, டிபன் பாக்ஸும் காலியாகத்தான் திரும்பியிருக்கும். பிறகு அந்த ஒரு தோழியை எடுத்துவிட்டீர்கள்.

அந்தத் தோழி பக்கத்தில் இருப்பதால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் ஆராய்ச்சி சொல்கிறேன். கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்தது, 2011இல் வெளியானது. ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேர் நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பலமுறை, சற்று முன் என்ன நடந்தது, அப்போது யார் கூட இருந்தார்கள், தன்னைப் பற்றி இப்போது என்ன தோன்றுகிறது என்று எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் உமிழ்நீரையும் எடுத்துக் கொடுத்தார்கள். மன அழுத்தம் வந்தால் கார்டிசால் என்னும் சுரப்பு உமிழ்நீரில் ஏறும். யாராவது கேலி செய்தாலோ ஆசிரியர் திட்டினாலோ, தனியாக இருந்த பிள்ளைக்குக் கார்டிசால் ஏறியது, தன்மீதான மதிப்பு இறங்கியது. நெருங்கிய நண்பர் பக்கத்தில் இருந்தபோது நடந்த அதே மாதிரிச் சம்பவம் அந்த அளவுக்கு உடம்பைத் தொடவில்லை. அந்த நண்பர் முதல் ரேங்க்கா கடைசி ரேங்க்கா என்று உமிழ்நீர் கேட்பதில்லை.

மதிப்பெண் என்ன ஆவது என்று நீங்கள் கேட்பீர்கள். நட்பு பிள்ளையை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் டெனிஸ் கேன்டல் நடத்திய ஆய்வு 1978இல் வந்தது. நண்பர்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுவதா, முதலிலேயே தன்னைப் போன்றவரைத் தேடிச் சேர்வதா என்று ஒரு பள்ளி ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு முறை அளந்தார். இரண்டுக்கும் ஏறக்குறையச் சம பங்கு இருந்தது. “சேர்க்கை சரியில்லை” என்று சொல்லும்போது நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். உங்கள் மகளுக்கு எந்தப் பாடத்தில் குறைந்தது, எட்டாம் வகுப்புக் கணக்கு பிடிபடவில்லையா, வகுப்பில் கரும்பலகை தெரிகிறதா என்றெல்லாம் பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தையல்காரம்மாவின் மகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாள், பழியை அவள்மேல் போட்டுவிட்டீர்கள். ஒரு டாக்டரின் மகள் இதே மதிப்பெண் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்களா? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

நெதர்லாந்தில் லூஸ் கெய்சர்ஸ் குழுவினர் பதின்வயதுப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012இல் எழுதியதையும் கேளுங்கள். பெற்றோர் நட்பைத் தடைசெய்த பிள்ளைகளில், தவறான வழியில் போகும் கூட்டாளிகளுடன் சேர்வது பிற்பாடு கூடியதே தவிரக் குறையவில்லை. தடைதான் முழுக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தடை மருந்தாக வேலை செய்யவில்லை என்பது தெரிகிறது. உங்கள் மகள் உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இருக்காது. அவள் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. பள்ளியிலும் விட்டுவிட்டாள். மதிய இடைவேளையில் வேறு பிரிவுத் தோழி எதிரே வரும்போது தலையைக் குனிந்துகொண்டு போவாள். அந்தப் பெண்ணுக்கு இவள் என்ன காரணம் சொல்லியிருப்பாள்? “உன்னோடு சேரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்” என்றா? “யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை” என்று உங்களிடம் சொல்கிறாளே, அதில் பாதி வெட்கம் என்று நினைக்கிறேன். விட்டுவிட்டு வந்தவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஐந்து பெண்கள் விஷயம் சுருக்கமாக. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை எப்படி நுழைகிறது என்று மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் இருவரும் கவனித்து 1981இல் எழுதினார்கள். சேர்த்துக்கொள்ளப்படுகிற பிள்ளை முதலில் சற்று நின்று பார்க்கிறது, அவர்கள் பேசுவதையொட்டி ஒரு வார்த்தை சொல்கிறது. சேர்க்கப்படாத பிள்ளை தன்னைப் பற்றிப் பேசி, கேள்வி கேட்டு, மறுத்துப் பேசி, கவனத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. நீங்களோ ஆசிரியையின் உத்தரவோடு பெஞ்சில் கொண்டுபோய் வைத்தீர்கள். நின்று பார்க்க அவளுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. ஐந்து பேருக்கும் அவள் மேலிடத்திலிருந்து வந்த பெண். ஆசிரியையிடம் பேசி அவளைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லுங்கள். அப்படியே ஒன்றைக் கேளுங்கள்: மற்ற பெண்கள் இவளைக் கவனிக்காமல் விடுகிறார்களா, வேண்டுமென்றே ஒதுக்கிக் கேலி செய்கிறார்களா? கவனிக்கப்படாத பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவர்களைவிட அதிகத் தனிமையில் தவிப்பதில்லை. ஒதுக்கப்படும் பிள்ளைகள்தான் தவிக்கிறார்கள். ஒதுக்குதல் நடக்கிறது என்றால் அதை நிறுத்துவது பள்ளியின் வேலை, மகளின் வேலை அல்ல.

இனி உங்கள் வேலை. தையல்காரம்மா வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும். மகளை அனுப்பக் கூடாது, போனில் சொல்லக் கூடாது, தைக்க ஒரு ரவிக்கைத் துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டும் போகக் கூடாது. “உங்கள் பெண்ணை வரவேண்டாம் என்று நான் சொன்னது தப்பு” என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பது நம் வீடுகளின் கடமை. அதை மார்க் ஷீட் பார்த்துச் செய்யும் வழக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கதவைப் பாதி திறந்தபடி பேசினால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் உடனே திரும்பி வராமலும் போகலாம். அவளுக்கும் 13 வயதுதான், அவளுக்கும் நான்கு மாதம் போயிருக்கிறது.

வந்தால், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் விடுங்கள். நடுவில் வீட்டுப்பாடத்தைப் புகுத்தாதீர்கள். அவள் போன பிறகு உங்கள் மகளைப் பாருங்கள். முகம் தெளிந்து சாப்பிட உட்கார்ந்தால் சரி. சில பெண்கள் ஒருவர் கவலையை ஒருவர் திரும்பத் திரும்பக் கிளறி, நெருக்கமும் கூடி, சோர்வும் கூடிப் போவார்கள். அப்படித் தெரிந்தால் இருவரையும் பேச்சிலிருந்து கைவேலைக்குத் திருப்புங்கள். தையல்காரர் வீட்டில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமிருக்காது.

தோழி திரும்பி வந்து மூன்று நான்கு வாரமான பிறகும் பாக்ஸ் அப்படியே வந்தால், தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள்.

தையல்காரம்மா வீட்டுக்குப் புறப்படும் முன் மகளிடம் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.