பெட்ரோல் ஊற்றினார், குச்சி உரசவில்லை: சட்டக் கேள்வி-பதில்

கேள்வி (தாராவி): கூட்டுத் தொழிலில் ஏற்பட்ட பிணக்கில், என் பழைய பங்காளி இரவு ஒரு மணிக்கு என் தோல் பட்டறையின் ஷட்டரில் பெட்ரோலை ஊற்றினார். காவலாளி சத்தம் போட்டதும் ஓடிப்போனார். தீ வைக்கவே இல்லை என்பதால் இது வெறும் ஆயத்தம்தான் என்று அவருடைய வழக்கறிஞர் சொல்கிறார். அது சரியா?

சரியில்லை என்பதே என் கருத்து. ஆனால் அவர் எழுப்பும் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெட்ரோல் வாங்குவது குற்றமன்று. கேனோடு சாலையில் நடப்பதும் குற்றமன்று. அவரைத் தொண்ணூறு அடிச் சாலையில் காவலர் மடக்கியிருந்தால், ஸ்கூட்டருக்கு வாங்கினேன் என்ற பதிலை மறுக்க வழியிருந்திருக்காது. அதுவரை ஆயத்தம்தான்; மனம் மாறித் திரும்பிப் போகவும் அவருக்கு இடமிருந்தது.

தண்டனைக்கு உட்படாத ஆயத்தம் எங்கே முடிகிறது, குற்றமாகும் முயற்சி எங்கே தொடங்குகிறது என்பதை உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. மல்கியத் சிங் வழக்கில், தடையை மீறிப் பஞ்சாபிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு தில்லி நோக்கி வந்த லாரியைச் சமால்கா சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். தில்லி எல்லை இன்னும் பல மைல் தொலைவில் இருந்தது. இடையில் ஓட்டுநர் மனம் மாறித் திரும்பியிருக்கலாம் என்பதால் அது ஆயத்தமே என்று 1968இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகமது யாகூப் வழக்கு நம் மும்பைக்குப் பக்கத்திலேயே நடந்தது. வசாய் அருகிலுள்ள கழிமுகத்துக்கு இரவில் ஒரு லாரியிலும் ஜீப்பிலும் வெள்ளிக் கட்டிகளை வெளிநாட்டுக்குக் கடத்தக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கியபோது சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். அந்த வேளையில் நீர்ப்பக்கமிருந்து ஒரு படகின் இயந்திரச் சத்தமும் கேட்டது. வெள்ளி படகில் ஏறவில்லை என்றபோதும் அது முயற்சியே என்று 1980இல் உச்ச நீதிமன்றம் கீழே கிடைத்த விடுதலையை ரத்துசெய்து, அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. குற்றத்துக்கு இன்னும் எத்தனை படி பாக்கி என்று எண்ணுவதைவிட, செய்த செயலே நோக்கத்தை ஐயமறக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அத்தீர்ப்பின் சாரம்.

உங்கள் வழக்கில், நள்ளிரவில் பிறர் பட்டறையின் ஷட்டரில் பெட்ரோல் ஊற்றுவதற்கு வேறு நியாயமான காரணம் எதையும் சொல்ல முடியாது. முயற்சிக்குக் கடைசிச் செயல்வரை போயிருக்க வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. குற்றத்தை நோக்கிய ஒரு செயல் போதும் என்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 511). பயந்து ஓடியதால், தொடங்கிவிட்ட முயற்சி இல்லாமல் போகாது. பொருள் வைக்கும் கட்டடத்தை அழிக்கும் நோக்கில் தீயிடுவதற்கு 326(ஜி) பிரிவில் ஆயுள் அல்லது பத்தாண்டு வரை தண்டனை உண்டு. முயற்சிக்கு அதில் பாதி வரை.

வழக்கு நிற்பதும் விழுவதும் சான்றுகளைப் பொறுத்தது. ஷட்டரைக் கழுவிவிடாதீர்கள். சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் காவலர் எழுதும் பஞ்சநாமாவில் கசிந்த பெட்ரோல், கேன், கிடைத்தால் தீப்பெட்டி ஆகிய மூன்றும் பதிவாக வேண்டும். மாதிரி கலீனா தடயவியல் ஆய்வகத்துக்குப் போயிற்றா என்றும் கேளுங்கள். வாடை மட்டும் இருந்தது என்று எழுதியிருந்தால், ஊற்றியது தண்ணீர் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

கேள்வி (மாட்டுங்கா): நான் பணிபுரியும் கடையின் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துத் தரும்படி ஒருவர் என்னைத் தூண்டினார். நான் மறுத்துவிட்டேன். ஒன்றுமே நடக்காதபோது அவர் மீது வழக்கு உண்டா?

உண்டு. உடந்தைக் குற்றம் தூண்டிய கணத்திலேயே முழுமையடைந்துவிடுகிறது; நீங்கள் மறுத்ததால் அவர் தப்பமாட்டார். முதலாளி வசமுள்ள பொருளைப் பணியாளர் திருடினால் ஏழாண்டு வரை தண்டனை. தூண்டப்பட்ட குற்றம் நிகழாதபோது அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஓராண்டு ஒன்பது மாதம் வரை (56ஆம் பிரிவு). அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி (சயான்): நண்பர்கள் மூவர் ஒரு வீட்டில் திருடுவது பற்றிப் பேசினார்கள், நான் உடன் இருந்தேன், எதுவும் சொல்லவில்லை. நானும் சதியில் சேர்வேனா?

குற்றம் செய்வதற்கான உடன்பாடே சதி. அதன்பின் யாரும் ஒரு செயலும் செய்யாவிட்டாலும் அது குற்றம்தான் (61ஆம் பிரிவு). ஆனால் தெரிந்திருப்பது வேறு, உடன்படுவது வேறு. பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாலேயே ஒருவர் சதியாளர் ஆவதில்லை. “சரி, வண்டியை நான் எடுத்து வருகிறேன்” என்று நீங்கள் சொல்லியிருந்தால் நிலைமை வேறு.

கேள்வி (செம்பூர்): லோக்கல் ரயிலில் ஒருவன் என் பையில் கை விட்டான், உள்ளே ஒன்றும் இல்லை. இது குற்றமா?

குற்றம்தான். வெற்றுப் பையில் கைவிட்டவன் முயற்சிக் குற்றவாளியே என்று சட்டம் தன் உதாரணத்திலேயே சொல்லிவிட்டது.