விலக்கு நாளில் திருவிருந்து எடுக்கலாமா?

"அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம். மாத விலக்கு நாளில் சேர்ச்சுக்கு வரக்கூடாது, திருவிருந்து எடுக்கவே கூடாது என்று மாமியார் லேவியராகமம் 15ஐக் காட்டுகிறார். அதே வீட்டில்தான் நத்தாருக்குப் பன்றி இறைச்சி சமைத்தோம். என் தம்பியோ, 'பிடித்த சட்டத்தை வைத்துக்கொண்டு பிடிக்காததைக் கழித்துவிட்டீர்கள்' என்று கேலி பண்ணுகிறான். யார் சொல்வது சரி?"
– ஒரு வாசகி

தங்கச்சி, மாமியார் காட்டிய அதிகாரத்தை அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளியும் வாசித்துப் பாருங்கள். விலக்கான பெண்ணுக்கு ஏழு நாள் தீட்டு. அவளைத் தொட்டால் தொட்டவருக்கும் சாயங்காலம்வரை தீட்டு. அவள் படுத்த பாயையோ உட்கார்ந்த பலகையையோ தொட்டால் உடுப்பைத் துவைத்து, குளித்து, அப்புறமும் சாயங்காலம்வரை தீட்டு. சரி, உங்களுக்கு வியாழக்கிழமை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு விடியற்காலை நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புகிறீர்கள், அதே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறார். முடிந்தது, அவர் பீலிக்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் காலை ஆராதனைக்குப் போகமுடியாது. உங்கள் வீட்டுக்காரருக்கும் அதே கதிதான். இரண்டு அறை லயக்காமிராவில் யாரால் இதைக் கைக்கொள்ள முடியும்? ஆக, உங்கள் வீட்டில் நடப்பது லேவியராகமம் அல்ல, ஊரில் ஏற்கெனவே இருக்கிற தீட்டு வழக்கம், அதற்கு ஒரு வசனம் கிடைத்திருக்கிறது. அடுப்படிக்குப் போகக்கூடாது என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழப்பத்தில் பாதி நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிற 'தீட்டு' என்ற சொல்லால் வருவது. மூலத்திலும் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல்தான், ஆனால் விஷயம் இரண்டு. முதல் வகைத் தீட்டில் பாவமே கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு, ஆண் பிள்ளை என்றால் 40 நாள், பெண் பிள்ளை என்றால் 80 நாள். புருஷனும் பெஞ்சாதியும் முறையாகச் சேர்ந்தாலும் சாயங்காலம்வரை தீட்டு. செத்த தகப்பனைக் கழுவி அடக்கம் பண்ணுகிற மகனுக்கும் தீட்டு. இதில் எதைப் பாவம் என்பீர்கள்? பிள்ளை பெறுவதும் பெற்றவரை அடக்குவதும் அவர்கள் செய்தே ஆகவேண்டிய காரியங்கள். மரியாளும் அந்த நாட்களை முடித்துத்தான் ஏழைகள் கொடுக்கும் இரண்டு பறவைகளோடு எருசலேம் தேவாலயத்துக்குப் போனாள் என்று லூக்கா எழுதுகிறார், அவள் பாவம் செய்தாள் என்று நாம் சொல்வதில்லையே. இந்த வகைத் தீட்டு எதற்கென்று 15ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியே சொல்கிறது: நடுவில் இருக்கிற கடவுளின் வாசஸ்தலத்தை அந்த நிலையில் நெருங்கக்கூடாது என்பதற்காக. குறித்த நாளும் தண்ணீரும், சிலவற்றுக்கு ஒரு காணிக்கையும் போதும், அது போய்விடும்.

இரண்டாவது வகை 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. தகப்பனின் மனைவியோடு, சகோதரியோடு, மருமகளோடு உறவு. இங்கே 'குளித்தால் சரி' என்று எழுதவே இல்லை. தேசமே தீட்டுப்பட்டுத் தன் குடிகளைக் கக்கிப்போடும் என்று இருக்கிறது, அதுவும் அங்கே வாழ்ந்த அந்நியருக்கும் சேர்த்து. அடுத்த அதிகாரத்தில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கவேண்டும், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை பிடித்துவைக்கக்கூடாது என்று வருகிறது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இது ஏன் எந்தக் காலத்திலும் கழிக்க முடியாத சட்டம் என்று நான் விளக்கத் தேவையில்லை. கள்ளத் தராசு பிடித்தவன் பீலியில் எத்தனை தரம் முழுகினாலும், குறைத்த கிலோ குறைத்ததுதான்.

கிறிஸ்தவர்கள் விட்டது முதல் வகையை. ஏன் விட்டார்கள் என்பதற்கு மாற்கு 5ஐ எடுங்கள், உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறது. 12 வருஷம் இரத்தப்போக்குள்ள ஒருத்தி கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடுப்பைத் தொடுகிறாள். லேவியராகமத்தின் கணக்குப்படி அவரும் சாயங்காலம்வரை தீட்டு. அவர் திட்டவில்லை, உடுப்பைத் துவைக்கப் போனதாகவும் கதை இல்லை. தொட்டவுடனே அவள் சுகமாகிறாள், அவர் அவளை 'மகளே' என்கிறார், அதோடு நேராக ஒரு செத்த பிள்ளையின் கையைப் பிடிக்கப் போகிறார். தீட்டு அவளிடமிருந்து அவருக்குப் போகாமல், சுகம் அவரிடமிருந்து அவளுக்கு வருகிறது. பேதுரு மிருகங்கள் நிறைந்த துப்பட்டியைத் தரிசனத்தில் கண்டதும் (உங்கள் நத்தார்ப் பன்றிக்கு அனுமதி வந்த வழி அதுதான்), எபிரெயருக்கு எழுதின நிருபம் பழைய கூடாரத்தையும் ஸ்நானங்களையும் 'சீர்திருத்தல் உண்டாகும் காலம்வரைக்கும்' என்று சொல்வதும் இதன் தொடர்ச்சி. நெருங்கவேண்டிய அந்த எருசலேம் தேவாலயமும் 70ஆம் ஆண்டில் ரோமரால் இடிக்கப்பட்டது.

தம்பிக்கு ஒரு உதாரணம் காட்டுங்கள். எதுவும் தன்னிலே தீட்டுள்ளதல்ல என்று ரோமருக்கு எழுதிய அதே பவுல்தான், கொரிந்து சபையில் ஒருவன் தகப்பனின் மனைவியை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டவுடன் அவனை வெளியே தள்ளச் சொல்கிறார். இரண்டும் ஒரே ஆள், ஒரே லேவியராகமம். பிடித்தது பிடிக்காதது என்று அவர் பிரிக்கவில்லை.

ஆனால் தம்பி கேலி பண்ணுவதிலும் ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஒழுக்கம், சடங்கு, நீதி என்று மூன்றாகப் பிரித்து எல்லாம் தெளிவு என்பார்கள், அந்த மூன்று பெட்டியையும் 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் விரிவாக அடுக்கிவைத்தார், லேவியராகமத்துக்குள் அப்படிக் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. பிறனை நேசி என்பது 19:18, இரண்டு நூல் கலந்த துணி உடுத்தாதே என்பது அதற்கு அடுத்த வசனம். விலக்கு நாளில் மனைவியோடு சேராதே என்பதுகூட அந்தக் கடுமையான 18ஆம் அதிகாரத்துக்குள்தான் இருக்கிறது, அதை என்ன செய்வது என்பதில் கிறிஸ்தவர்களே ஒத்துப்போவதில்லை.

உங்கள் மாமியார் தனி ஆளும் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு அவர் சொல்வதையேதான் சொன்னார், சில கிழக்குத் திருச்சபைகளில் அந்த வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் 601ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்திலிருந்து இதே கேள்வி ரோமுக்குப் போனபோது பாப்பரசர் முதலாம் கிரகோரியார் அனுப்பியதாக வரலாற்றில் இருக்கிற பதில்: இயற்கையாய் வருவது குற்றமல்ல, வருகிறவளைத் தடுக்கக்கூடாது, அவளாகவே பயபக்தியால் ஒதுங்கினால் அது அவள் விருப்பம். அவரும் ஆதாரமாகக் காட்டியது அந்த 12 வருஷப் பெண்ணைத்தான்.

அதனால் மாமியாரோடு சண்டை வேண்டாம், 15ஆம் அதிகாரத்தையும் மாற்கு 5ஐயும் அவரோடு உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், சேர்ச்சில் ஐயரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அடுத்த திருவிருந்து ஞாயிறு அந்த நாளில் விழுந்தால் போங்கள். மாமியாரையும் கூட்டிப்போய் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.