மாடியிலிருந்து பேசும்போது ஏன் பேச்சு மாறுகிறது?

எதிர் வீட்டு அக்காவும் நானும் தினமும் பால்கனியிலிருந்து பேசுகிறோம். ஆனால் "சாப்பிட்டீர்களா", "தண்ணீர் வந்ததா" என்பதைத் தாண்டிப் போவதே இல்லை. ஏன்?

உங்கள் நட்பில் குறையில்லை, இடைவெளிதான் காரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் இயல்பாகக் கேட்கும் குரல் எட்டு மீட்டர் அகலத் தெருவைத் தாண்டும்போது 18 டெசிபல் இழக்கிறது. அதை ஈடுகட்டக் குரலை உயர்த்துகிறோம். உயர்த்திய குரலில் தயக்கமும் இரகசியமும் தங்காது, தெருவில் போகிறவருக்கும் கேட்கும். ஆகவே ஒரே சொல்லில், தலையசைப்பில்கூடப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளே மிஞ்சுகின்றன. மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், அமெரிக்கர்களைக் கவனித்து, மனம்விட்ட பேச்சுக்கான தூரத்தைச் சுமார் 1.2 மீட்டருக்குள் வைத்தார். அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும்.

எங்கள் தெருவில் ஒரு காலை, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று மாடியிலிருந்து கேட்டேன். எதிர் வீட்டு அக்கா, "இருக்கிறார்" என்றார். வழக்கமாக வரும் "நன்றாக" இல்லை. அந்த ஒரு சொல் குறைந்ததே செய்தி. கீழே இறங்கி அவர்கள் கேட்டருகே நின்றபோதுதான் மருத்துவமனை, கடன் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கேட் இன்னொரு வகை. அங்கே தூரம் அரை மீட்டர்தான், ஆனாலும் நடுவில் கம்பி இருப்பதால் உள்ளே அழைக்க வேண்டிய கட்டாயமோ கிளம்ப அனுமதி கேட்கும் சங்கடமோ இல்லை. அதனாலேயே சிலர் கூடத்தில் சொல்லாததைக் கேட்டைப் பிடித்தபடி சொல்லிவிடுகிறார்கள்.